பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு மணி வகுப்பைப் பற்றி எழுதுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, 26 கிலோ, நான்காம் வகுப்பு. நான்கு மாதத்துக்கு முன் டைப் 1 சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். இரவில் நீண்ட நேர இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் பேனாவில். அவளே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். பள்ளிக்கூடம் காரைக்குடியில்; நான் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், மதியம் ஓடி வர முடியாது. "எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுங்கள், பள்ளி பொறுப்பில்லை என்றும் எழுதுங்கள்" என்கிறார் ஹெச்.எம். இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், திருப்தியாக இல்லை. என் மாமியாரோ, பெண் பிள்ளை, வெளியில் தெரியவே கூடாது என்கிறார். எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். கணையம், பீட்டா செல், உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்தச் செல்களைத் தாக்கியது எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துவிடலாம். கடிதத்தை ஹெச்.எம்.முக்குத்தான் எழுதுகிறோம் என்றாலும், அதை வைத்து உண்மையில் ஏதாவது செய்யவேண்டியவர் அவர் இல்லை. வகுப்பு மிஸ் லீவு போட்ட அன்று பதிலுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசிரியர்தான் செய்யவேண்டும். எதிரே ஒரு பிள்ளை பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அவர் கையில் உங்கள் தாள் இருக்கிறது. அந்த நிமிடத்தில் அவருக்கு என்ன தேவையோ அது மட்டும்தான் கடிதம். நோயைப் பற்றி இரண்டு வரி போதும்: இவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, வெளியிலிருந்து போடுகிறோம், இது இனிப்பு தின்று வந்ததும் இல்லை, மற்றவர்களுக்குத் தொற்றுவதும் இல்லை.

அடுத்து, உங்கள் வரைவில் சர்க்கரை ஏறுவதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, இறங்குவதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. இதைத் திருப்பிப் போடவேண்டும். ஏறினால் அதைச் சரிசெய்ய மணிக்கணக்கில் நேரம் உண்டு. இறங்கினால் நிமிடக் கணக்கு. பள்ளி நேரத்தில் பயப்படவேண்டியது 70-க்குக் கீழே போவதற்குத்தான்.

அது எப்போது நடக்கும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு வீட்டில் ஊசி போட்டு இட்லி சாப்பிடுகிறாள். அந்த இன்சுலினின் வேகம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மணி நேரத்தில் அடங்கும். அதனால் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை ஒரு கண் வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குப் போடும் ஊசி ஒன்றரையிலிருந்து மூன்று மணிக்குள் அதே வேலையைச் செய்யும். இந்த இரண்டாவது நேரம்தான் எனக்குக் கவலை. நம் பக்கம் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மின்விசிறி ஓடினாலும் எல்லாப் பிள்ளைக்கும் வியர்க்கும், பாதிப் பேர் சாப்பிட்ட மயக்கத்தில் மேசையில் சாய்ந்திருப்பார்கள். சர்க்கரை இறங்கியதன் அடையாளம் என்று எல்லாரும் எழுதும் "வியர்வை, சோர்வு" அங்கே எதற்கும் உதவாது. ஆசிரியர் தூங்குகிறாள் என்று நினைப்பார், அல்லது எழுப்பித் திட்டுவார்.

ஆகவே பொது அடையாளங்களை விட்டுவிட்டு உங்கள் மகளின் அடையாளத்தை எழுதுங்கள். இந்த நான்கு மாதத்தில் இறங்கியபோதெல்லாம் அவள் எப்படி இருந்தாள்? சில பிள்ளைக்கு உதடு வெளுக்கும். சிலருக்குக் கை நடுங்கி எழுத்து கோணும். ஒரு சிலர் காரணமில்லாமல் சண்டைக்கு வருவார்கள், அப்புறம் அழுவார்கள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருவது ஒரு நல்ல தடயம். இரண்டு மூன்று அடையாளம் போதும். கூடவே, மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை அவள் தலை சாய்த்தால் தூக்கம் என்று நினைக்கக் கூடாது, சர்க்கரை பார்க்கும் மெஷினில் பார்க்கவேண்டும் என்ற வரியை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

பார்த்து 70-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு கொடுப்பது? "ஏதாவது இனிப்பு கொடுக்கவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் நல்ல மனதோடு ஒரு சாக்லேட் கொடுப்பார். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அதனால் அது இந்த வேலைக்கு ஆகாது. பிஸ்கட்டும் மெதுவாகத்தான் ஏற்றும். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது கணக்கு. உங்கள் மகளுக்கு 26 கிலோ, ஏறக்குறைய 8 கிராம் வருகிறது. தலை தட்டிய டீஸ்பூனில் சீனி இரண்டு ஸ்பூன். ஆனால் ஸ்பூன் கணக்கைப் பள்ளியில் விடாதீர்கள். வீட்டிலேயே, தராசு கிடைத்தால் நிறுத்து, 8 கிராம் குளுக்கோஸ் பவுடரைச் சின்னச் சின்ன ஜிப் கவரில் போட்டு, "ஒரு தடவைக்கு ஒரு கவர், அரை டம்ளர் தண்ணீரில்" என்று மேலே எழுதிக் கொடுங்கள். வகுப்பில் ஆறு கவர், பி.டி. சாரிடம் இரண்டு, வேன் ஓட்டும் அண்ணனிடம் இரண்டு, அவள் பையில் இரண்டு. மழைக்காலத்தில் பவுடர் கட்டி தட்டிப்போகும். மாதம் ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். 70-க்கு ஏறவில்லை என்றால் இன்னொரு கவர். ஏறிவிட்டது, ஆனால் அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றால் இரண்டு பிஸ்கட் கொடுக்கலாம். பிஸ்கட்டின் வேலை அப்போதுதான் வருகிறது. மெஷினில் எண் சரியாகிவிட்டாலும் அரை மணி, முக்கால் மணி நேரம் மூளை பழைய வேகத்தில் இருக்காது. அந்த நேரத்தில் டெஸ்ட் வைத்து மார்க் போட்டால் அது அவளுடைய மார்க் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் நேரில் சொல்லவேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. மெஷின் திரையில் சில சமயம் எண்ணுக்குப் பதிலாக LO அல்லது HI என்று வரும். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றோ, வணக்கம் சொல்கிறது என்றோ நினைத்து ஓரமாக வைத்தவர்கள் உண்டு. பெரும்பாலான மெஷினில் LO என்றால் 20-க்கும் கீழே, HI என்றால் 600-க்கும் மேலே. இரண்டுமே அவசரம். இன்னொன்று, விரலில் பழச்சாறோ இனிப்போ ஒட்டியிருந்தால் மெஷின் பொய்யாக அதிகம் காட்டும். கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்தவேண்டும். மெஷின் அருகில் இல்லை, பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறாள் என்றால் காத்திருக்க வேண்டாம், கவரைக் கரைத்துக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே ஏறியிருக்கும் சர்க்கரையில் இன்னும் 8 கிராம் சேர்வதால் பெரிய கேடில்லை. இறங்கிக்கொண்டே இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகும்.

சரி, மதிய ஊசிக்கு வருவோம். ஹெச்.எம். பயப்படுவது இதற்குத்தான். "ஆசிரியர் ஊசி போடவேண்டும்" என்று அவர் புரிந்துகொண்டிருப்பார். நீங்கள் கேட்கவேண்டியது அதை இல்லை. அவளே போட்டுக்கொள்வாள், ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று இரண்டு எண்களைப் பார்த்தால் போதும், மெஷின் எண் ஒன்று, பேனாவின் சின்ன ஜன்னலில் தெரியும் யூனிட் எண் ஒன்று. அன்றைய யூனிட்டை நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி அனுப்புங்கள், ஏனென்றால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். எலுமிச்சை சாதத்துக்கும் இடியாப்பத்துக்கும் ஒரே யூனிட் வராது. ஊசி போடும் முன் அவள் 2 யூனிட்டைக் காற்றில் தள்ளிப் பார்ப்பாள் இல்லையா, அதை முதலிலேயே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை போட்டுக்கொண்டாள் என்று பதறிப்போய் போன் வரும்.

இதில் தவறு நடப்பது ஊசியில் இல்லை, ஊசிக்குப் பிறகு. பன்னிரண்டரைக்குப் போட்டாயிற்று, அந்த நேரம் பார்த்து நோட்டு முடிக்காதவர்களை நிறுத்திவைத்தார்கள், அல்லது ஆண்டு விழா ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள், அல்லது டிபன் பாக்ஸ் கைதவறிக் கொட்டிப்போனது. உள்ளே போன இன்சுலின் யாருக்காகவும் காத்திருக்காது. ஊசி போட்டால் உடனே சாப்பிட உட்காரவேண்டும், பாதிக்கு மேல் மிச்சம் வைத்தால் உங்களுக்குப் போன் வரவேண்டும். இந்த இரண்டையும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

மதிய ஊசியே வேண்டாம் என்று காலையில் இன்னொரு வகை இன்சுலினைக் கலந்து போட்டு மதியத்தைச் சமாளிக்கும் முறையும் உண்டு. வேறு வழியே இல்லாத வீடுகளில் அதைச் செய்கிறோம். ஆனால் அப்போது பதினொரு மணிக்குத் தின்பண்டமும் மதியச் சாப்பாடும் கடிகாரம் பார்த்து நடக்கவேண்டும், பசிக்காத அன்றும் சாப்பிட்டே ஆகவேண்டும். தானே போட்டுக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளியின் வசதிக்காக அதை மாற்ற எனக்கு மனமில்லை.

பேனாவைப் பள்ளியில் எங்கே வைப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் 28 நாள் தாங்கும். ஏப்ரல் வெயிலில் வேனில் விட்டுப்போன பையில் அது தாங்காது. ஆசிரியர் அறை அலமாரியில் ஒரு சின்ன மண்கலயம் போதும், வெளிப்பக்கம் ஈரத்துணி சுற்றி வைத்தால் உள்ளே குளுமையாக இருக்கும். ஃப்ரிட்ஜ் இருந்தால் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் உறைந்தால் அந்த மருந்தைத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடக்கி எழுதினால் இப்படி வரும். எண்களை உங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் மாற்றினால் மாற்றிக்கொள்ளுங்கள். உதடு, பேச்சு என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் உங்கள் மகளின் அடையாளத்தைப் போடுங்கள்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளி நேரத்தில் தேவையான உதவி குறித்து.

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது. உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, ஊசியாகப் போடுகிறோம். இது இனிப்பு சாப்பிட்டதால் வந்ததல்ல, தொற்றும் நோயும் அல்ல. மருத்துவரின் சான்றிதழை இணைத்துள்ளேன்.

சர்க்கரை இறங்கினால்: உதடு வெளுக்கும், பேச்சு குழறும், கேட்டதற்குப் பதில் வராது. காலை 9.30 முதல் 11 வரையும், மதியம் 1.30 முதல் 3 வரையும், விளையாட்டு வகுப்புக்குப் பிறகும் இது நடக்கலாம். தூக்கம் போலத் தெரிந்தாலும் மெஷினில் பார்க்கவும். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மெஷின் இல்லை, சந்தேகம் என்றால், உடனே ஒரு குளுக்கோஸ் கவரை அரை டம்ளர் தண்ணீரில் கொடுக்கவும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு கவர் கொடுத்து என்னை அழைக்கவும். அந்த நிலையில் அவளைத் தனியாக ஆபீசுக்கோ கழிப்பறைக்கோ அனுப்ப வேண்டாம். குளுக்கோஸை அவள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரவும்.

மயங்கினால் அல்லது வலிப்பு வந்தால்: வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதலில் 108-ஐயும் பிறகு என்னையும் அழைக்கவும். 'டைப் 1, சர்க்கரை இறங்கியிருக்கலாம்' என்று 108-இல் சொல்லவும்.

மதியம் 12.30: அவளே மெஷினில் பார்த்து, டிபன் பாக்ஸ் மூடியில் நான் எழுதியுள்ள யூனிட்டைப் போட்டுக்கொள்வாள். ஓர் ஆசிரியர் மெஷின் எண்ணையும் பேனாவில் தெரியும் யூனிட் எண்ணையும் சரிபார்த்தால் போதும். 70-க்குக் கீழே இருந்தால் ஊசி வேண்டாம். குளுக்கோஸ் கொடுத்துவிட்டு என்னை அழைக்கவும். 250-க்கு மேல் இருந்தாலும் போடும் முன் என்னை அழைக்கவும். ஊசி போட்டதும் உடனே சாப்பிட அனுமதிக்கவும். பாதிக்கு மேல் மிச்சம் வைத்தால் தெரிவிக்கவும். பயன்படுத்திய ஊசிமுனைகளை அவள் தன் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

சர்க்கரை ஏறினால்: தாகமும் சிறுநீரும் அதிகமாகும். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் கேட்கும்போது அனுமதிக்கவும். வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது இருந்தால் காத்திருக்காமல் என்னை அழைக்கவும். என்னைப் பிடிக்க முடியாவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும். தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

விளையாட்டில் அவளைச் சேர்த்துக்கொள்ளவும். தொடங்கும் முன் பார்த்து 90-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு விளையாடட்டும். ஒத்திகை, போட்டி என்று கூடுதலாக ஓடும் நாள் இருந்தால் முன்தினம் எனக்குத் தெரிவிக்கவும்.

ஊசியின் அளவுக்கும் மருந்துக்கும் நானே பொறுப்பு. மேலே சொன்னபடி கவனித்து, உடனே தகவல் தரும்படி மட்டும் பள்ளியைக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே உங்கள் எண், உங்கள் வீட்டுக்காரர் எண், காரைக்குடியிலேயே இருக்கும் ஒரு சொந்தக்காரர் எண், மருத்துவர் எண். மூன்றாவது எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆத்தங்குடியிலிருந்து நீங்கள் பஸ் பிடித்து வருவதற்குள் பத்து நிமிடத்தில் போய் நிற்கக்கூடிய ஒருவர் வேண்டும்.

குளுக்ககான் என்று ஓர் ஊசி இருக்கிறது, மயங்கிய பிள்ளைக்குப் போடுவது. 25 கிலோவுக்கு மேல் 1 மில்லிகிராம். அதைக் கடிதத்தில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. உங்களிடம் மருந்து இருந்து, பள்ளியில் ஒருவர் போடக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசிப் பத்தியில் பொறுப்பைப் பற்றி நான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லை" என்று ஒட்டுமொத்தமாக எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி ஒரு தாள் ஃபைலில் இருந்தால், கவனிக்கவேண்டியதில்லை என்றே அதைப் படிக்கத் தோன்றும். எது உங்கள் பொறுப்பு, எது அவர்கள் செய்யவேண்டியது என்று பிரித்து எழுதிவிட்டால் ஹெச்.எம். பயமும் பாதி குறையும்.

தபாலில் போடவோ பிள்ளையிடம் கொடுத்தனுப்பவோ வேண்டாம். நீங்களும் அவளும் நேரில் போய், வகுப்பு மிஸ், பி.டி. சார், ஆயாம்மா மூவர் முன்னாலும் அவளையே ஒரு முறை மெஷினில் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நகல் ஹெச்.எம்.மிடம், ஒன்று வகுப்பு அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள், ஒன்று குளுக்கோஸ் டப்பாவுக்குள். வேன் அண்ணனுக்குக் கடிதம் வேண்டாம். இறங்கும் அடையாளமும் கவரும் போதும். பிறந்தநாள் சாக்லேட் வந்தால் அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டாம், பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊசியோடு சேர்த்துச் சாப்பிடுவாள் என்று மிஸ்ஸிடம் வாயால் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஜூனிலும், எடை கூடும்போதும், யூனிட் மாறும்போதும் புதுத் தாள். பழையதைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடவேண்டும்.

ஹெச்.எம். அப்படியும் தயங்கினால் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. 2023 ஜூலையில் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களின் கல்வித் துறைக்குக் கடிதம் எழுதியது. டைப் 1 உள்ள பிள்ளைகள் வகுப்பிலும் தேர்விலும் சர்க்கரை பார்க்க, இன்சுலின் போட, இடையில் சாப்பிட ஆசிரியர்கள் அனுமதிக்கவேண்டும், மருத்துவர் சொன்னபடி விளையாட விடவேண்டும், தேர்வு அறைக்குக் குளுக்கோஸ் மாத்திரை, தின்பண்டம், தண்ணீர் கொண்டுபோக விடவேண்டும் என்று அதில் இருக்கிறது. முதல் நாளே இதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்டு மறுத்தால் நகல் எடுத்து அடுத்த கடிதத்தோடு இணையுங்கள்.

உங்கள் மாமியாரின் கவலையைத் தட்டிவிட வேண்டாம். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்னாகும் என்று நினைக்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஊருக்குச் சொல்லவில்லை, ஐந்து பேருக்குச் சொல்கிறோம், அந்த ஐந்து பேரும் பிள்ளை பக்கத்தில் இருப்பவர்கள். வகுப்புத் தோழிகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும். ஊசி போட ஆசிரியர் அறையில் ஒரு மூலை கேளுங்கள். மறைக்கவேண்டும் என்று கழிப்பறையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது. அங்கே கையும் சுத்தமாக இருக்காது, ஜன்னலில் யூனிட்டைப் பார்க்க ஓர் ஆளும் இருக்காது. அப்பத்தாவையும் ஒரு நாள் உங்களோடு பள்ளிக்கு அழைத்துப் போக முடிந்தால் அழைத்துப் போங்கள். குளுக்கோஸ் கவர் நிறுத்துப் போடும் வேலையை அவரிடமே கொடுக்கலாம்.